14 என்பது எத்தனை மணி நேரம்?

சார்ட் படிக்கப் பழகுவோம் – 11

கேள்வி: ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். 15 நிமிட சார்ட்டில் ஆர்.எஸ்.ஐ. 14, மேலே 70, கீழே 30 என்று ஒரே அமைப்பைத்தான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறேன். வங்கிப் பங்கில் காலை 9:30-க்கே 70-ஐத் தாண்டிவிடுகிறது, ஆனால் விலை இறங்குவதில்லை. யூரோ–டாலரில் காலையில் 70-க்கு வந்ததும் இறங்குகிறது, அதுவும் இரண்டு மூன்று பிப்தான். மதியத்துக்கு மேல் ஒரே கேண்டிலில் எல்லாம் தலைகீழாகிறது. பிட்காயினில் 70-க்கு மேல் போனால் மணிக்கணக்காக அங்கேயே நிற்கிறது. கணக்கு ஒன்றுதானே, ஏன் மூன்று விதமாக நடக்கிறது?

பதில்: கணக்கு ஒன்றுதான். ஆனால் அந்தக் கணக்குக்குக் கடிகாரம் தெரியாது. அது எண்ணுவது கேண்டில்களை மட்டுமே. ஒரு கேண்டிலுக்கும் அடுத்த கேண்டிலுக்கும் நடுவே கால் மணி நேரம் போனதா, ஒரு ராத்திரி முழுக்கப் போனதா என்று அது பார்ப்பதில்லை.

ஆர்.எஸ்.ஐ.யை வெல்ஸ் வைல்டர் 1978-ல் தம் புத்தகத்தில் வெளியிட்டார். அவர் கணக்குப் போட்டது அமெரிக்கக் கமாடிட்டி சந்தையின் தினசரி விலைகளை வைத்து. அவருக்கு 14 என்றால் 14 வர்த்தக நாள். நீங்கள் அதே எண்ணை 15 நிமிட சார்ட்டில் போடும்போது அது மூன்றரை மணி நேரமாகிறது. நம் பங்குச்சந்தை 9:15 முதல் 3:30 வரை நடக்கிறது; 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு நாளுக்கு 25 கேண்டில். 14 என்பது அதில் பாதிக்கும் மேல். பிட்காயினுக்கு ஒரு நாளில் 96 கேண்டில். அங்கே 14 என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போது உங்கள் வங்கிப் பங்கையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக எண்களை நான் சொல்கிறேன், கையில் கால்குலேட்டர் இருந்தால் கூடவே போட்டுப் பாருங்கள். நேற்று மாலை பங்கு 500 ரூபாயில் முடிந்தது. அப்போது சராசரி ஏற்றம் 60 காசு, சராசரி இறக்கமும் 60 காசு. ஏற்றத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஆர்.எஸ்.ஐ. 50. ராத்திரி ஏதோ நல்ல செய்தி வந்தது. காலையில் பங்கு கேப் அப் ஆகி, முதல் கேண்டில் 515-ல் முடிகிறது. வைல்டர் முறைப்படி பழைய சராசரியை 13-ஆல் பெருக்கி, புது மாற்றத்தைக் கூட்டி, 14-ஆல் வகுக்க வேண்டும். ஏற்றம் 1.63 ரூபாய் ஆகிறது, இறக்கம் 56 காசாகக் குறைகிறது. ஆர்.எஸ்.ஐ. ஒரே கேண்டிலில் 50-லிருந்து 74½-க்குத் தாவிவிட்டது.

இதே 15 ரூபாய் ஏற்றம் ராத்திரியும் திறந்திருக்கும் சந்தையில் வந்திருந்தால்? மாலை 3:30-லிருந்து காலை 9:15 வரை 71 கேண்டில் வரும். ஏற்றம் அத்தனையிலும் பரவியிருந்தால் கேண்டிலுக்குச் சுமார் 21 காசு. வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஆர்.எஸ்.ஐ. 59 பக்கம் நின்றிருக்கும். விலை போன தூரம் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் 74, இன்னோரிடத்தில் 59. நீங்கள் ‘அளவுக்கு மேல் வாங்கிவிட்டார்கள்’ என்று படித்தது, பூட்டியிருந்த கதவு திறந்ததன் சத்தத்தை.

அந்த கேப் அவ்வளவு சீக்கிரம் கணக்கை விட்டுப் போவதுமில்லை. 14 கேண்டில் ஆனதும் பழையது மறந்துபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். வைல்டர் முறையில் ஒவ்வொரு கேண்டிலுக்கும் பதினாலில் ஒரு பங்குதான் கரையும். ஆகவே மதியம் 1 மணிக்கும் அந்தக் காலை கேப்பின் தாக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே இருக்கும். விலை காலையிலிருந்து வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு அதே இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தாலும் ஆர்.எஸ்.ஐ. 62 காட்டும். ‘இன்னும் பலம் இருக்கிறது’ என்று அப்போது வாங்கப் போகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

2024 ஜூன் 3-ஆம் தேதி சார்ட்டை எடுத்துப் பாருங்கள். தேர்தல் கருத்துக்கணிப்புகள் சனிக்கிழமை மாலை வந்தன. திங்கள் காலை நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தே திறந்தது. முடிந்ததும் அதன் பக்கத்தில்தான். அந்த நாளின் ஏற்றம் கிட்டத்தட்ட முழுவதும் முதல் கேண்டிலுக்கு முன்பே முடிந்துவிட்டது.

யூரோ–டாலருக்கு வருவோம். திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி பகல் ஓடுவதால் அங்கே கேப் வார இறுதியில்தான். 2017 ஏப்ரலில் பிரெஞ்சு அதிபர் தேர்தலின் முதல் சுற்று ஞாயிறன்று முடிந்ததும் யூரோ 1.07 பக்கத்திலிருந்து 1.09 பக்கம் தாவித் திறந்தது. தினப்படி உங்களுக்கு வரும் சிக்கல் அது இல்லை. நம் காலை நேரத்தில் அந்த ஜோடியில் அசைவு குறைவு. ஆர்.எஸ்.ஐ. ஒரு விகிதம் என்பதால், ஒரு பிப் ஒரு பிப்பாக ஏறினாலும் 70 வந்துவிடும். லண்டன் காலை 8 மணி நமக்குக் கோடையில் 12:30, குளிர்காலத்தில் 1:30. அப்போது 12 பிப் கேண்டில் ஒன்று வந்தால், ஒரு பிப் சராசரியில் இருந்த கணக்கு 50-லிருந்து ஒரேயடியாக 66-க்குப் போகும். கதவு பூட்டவில்லை, கூட்டம் இப்போதுதான் வந்திருக்கிறது. கணக்கைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

(சார்ட் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதியில்லாத அந்நியச் செலாவணித் தளங்களின் எச்சரிக்கைப் பட்டியல் ஒன்றை ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கிறது. பணம் கட்டுமுன் அதைப் பாருங்கள்.)

என்ன செய்யலாம்? பங்குக்கு, 15 நிமிட சார்ட்டில் மட்டும், முதல் கேண்டிலின் மாற்றத்தை நேற்றைய முடிவிலிருந்து எடுக்காமல் இன்றைய திறப்பிலிருந்து எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். தினசரி சார்ட்டில் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே கேப் உண்மையான விலை மாற்றம், அதை நீக்கினால் செய்தியையே நீக்கியதாகும். யூரோ–டாலரில் ஒரு கேண்டிலை அதற்கு முந்தைய 14-உடன் ஒப்பிடாமல், கடந்த 20 நாள்களில் அதே நேரத்தில் வந்த கேண்டில்களுடன் ஒப்பிடுங்கள்.

பிட்காயினில், பங்கின் 14 எவ்வளவு நாளோ அவ்வளவு நாள் வேண்டுமென்றால் 54 போட வேண்டும். போட்டதும் ஒன்றைக் கவனிப்பீர்கள்: கோடு 50-ஐ ஒட்டியே ஊர்ந்து, 70-ஐத் தொடுவதே அபூர்வமாகும். நீளம் மாறினால் எல்லையும் மாறியாக வேண்டும். கடந்த மூன்று மாத ஆர்.எஸ்.ஐ. எண்களை வரிசைப்படுத்தி, பத்தில் ஒன்று எந்த எண்ணுக்கு மேல் போயிருக்கிறது என்று பாருங்கள். அதுவே அங்கே உங்கள் ‘70’. லாபம் எதில் அதிகம் வந்தது என்று தேடி அந்த எண்ணைத் திருத்தாதீர்கள். போன மாதத்துக்கு மட்டும் பொருந்தும் எண்தான் கையில் மிஞ்சும். கடைசி ஒரு மாதத்தைத் தொடாமல் வைத்து, அதில் சோதியுங்கள்.

இந்த வாரம் ஐந்து நாளும் உங்கள் வங்கிப் பங்கின் ஆர்.எஸ்.ஐ.யை 9:30-க்கும் 1 மணிக்கும் ஒரு நோட்டில் குறியுங்கள். பக்கத்திலேயே அன்றைய கேப் எத்தனை ரூபாய் என்றும் எழுதுங்கள். பத்து எண்களும் சேர்ந்ததும் எனக்கு அனுப்புங்கள்; அடுத்த இதழில் அவற்றை வைத்தே பேசுவோம்.