சம்பளம் 25ஆம் தேதியே முடிவாகிவிடுகிறது

மாதக் கடைசியில் வரும் சம்பளத்தின் கணக்கு, பல அலுவலகங்களில் 25ஆம் தேதி வாக்கிலேயே மூடப்பட்டுவிடும். தேதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்குப் பிறகுதான் பிஎஃப், வருமான வரிப் பிடித்தம் எல்லாம் கணக்கிட்டு, அதிகாரிகளின் ஒப்புதல் பெற்று, வங்கிக்குப் பட்டியல் அனுப்புவார்கள். நடுவில் ஒருவருடைய வருகை மாறினால் அவருடைய மொத்தச் சம்பளமும் பிடித்தங்களும் மாறும், பட்டியலின் கூட்டுத்தொகையும் மாறும். "எனக்கு மட்டும் திருத்திடுங்க சார்" என்று 28ஆம் தேதி கேட்பவரிடம் சம்பளப் பிரிவு கையை விரிப்பது இதனால்தான்.

மாதம் 30,000 ரூபாய் வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். அதில் அடிப்படைச் சம்பளம் 15,000. மாதத்தை 30 நாளாக வைத்துக் கணக்கிடும் கம்பெனி. வாடிக்கையாளர் இடத்தில் வேலை பார்த்த இரண்டு நாளை அவர் டைம்ஷீட்டில் ஏற்றவில்லை. அந்த நாட்கள் சம்பளமில்லா விடுப்பாகி 2,000 ரூபாய் குறையும். அடிப்படைச் சம்பளம் 14,000 ஆவதால், அதில் 12 சதவீதமான பிஎஃப் பிடித்தமும் 1,800இலிருந்து 1,680 ஆகும். கம்பெனி தன் பங்காகப் போடும் பிஎஃப் தொகையும் அதேபோல் குறையும். அடுத்த மாதம் நிலுவையாகச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் 5ஆம் தேதி வீட்டுக் கடன் தவணை போகும்போது கணக்கில் பணம் போதாவிட்டால், வங்கி போடும் அபராதத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. திரையில் Submitted என்று இருந்தால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். மேலாளர் ஒப்புதல் கொடுத்து Approved என்று மாறினால்தான் பெரும்பாலான மென்பொருள்களில் அது சம்பளக் கணக்குக்குள் போகும். மேலாளர் விடுப்பில் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே நினைவூட்டல் ஊழியருக்கு மட்டும் போனால் போதாது, ஒப்புதல் தர வேண்டியவருக்கும் போக வேண்டும். "அனைவரும் உடனே சமர்ப்பிக்கவும்" என்ற பொது மின்னஞ்சலை யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. மூன்று நாள் முன்பே, "உங்கள் டைம்ஷீட்டில் 11, 12 தேதிகள் காலியாக உள்ளன, 25ஆம் தேதி மாலை 5 மணிக்குள் நிரப்புங்கள்" என்று அவரவர்க்கு எழுதினால் பலன் தெரியும்.

செலவுத் தொகை கேட்பதில் பில்தான் எல்லாம். ஓட்டல்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் தரும் வழவழப்பான பில்லில் எழுத்து சூட்டில் பதிவது. சட்டைப் பையிலோ வண்டியிலோ கிடந்தால் சில வாரங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, தேதியும் தொகையும் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தங்கும் விடுதியில் அறையைக் காலி செய்யும் முன்பே கம்பெனியின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் பில்லில் போடச் சொல்லுங்கள். பில் இல்லாத ஆட்டோ செலவுக்கு, எங்கிருந்து எங்கே, எதற்காகப் போனீர்கள் என்று அன்றைக்கே ஒரு வரி எழுதி வையுங்கள்.

இந்த மாதம் 22ஆம் தேதி உங்கள் டைம்ஷீட்டைத் திறந்து பாருங்கள். Approved என்று வராத நாள் ஏதாவது இருந்தால் அன்றே மேலாளரிடம் கேட்டுவிடுங்கள்.