பில் எங்கே நிற்கிறது?

ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு புலம்பல்கள் தவறாமல் வரும். முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வரவில்லை என்பது ஒன்று. கிளையன்ட் சந்தேகம் கேட்டே உயிரை எடுக்கிறார் என்பது மற்றொன்று. பணத்துக்கு ஒரு எக்ஸெல் ஷீட், சந்தேகங்களுக்கு மெயில் பெட்டியும் வாட்ஸ்அப்பும் என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் நிலுவையில் நிற்கும் பில்களைக் கிளறிப் பார்த்தால், பலவற்றின் அடியில் பதில் போகாத ஒரு கேள்வி கிடக்கும். ஆகவே நாள் முடிவில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே சரி. அதிலும் கேள்வி முதலில், பில் அப்புறம்.

காரணம், பணம் நகரும் வழி. உங்களுக்கு வேலை கொடுத்தவர் ஒருவர், பணம் போடுபவர் இன்னொருவர். வேலை கொடுத்தவர் “சரி, வந்துவிட்டது” என்று ஒப்புதல் கொடுத்தால்தான் பில் அக்கவுண்ட்ஸ் மேசைக்குப் போகும். அவர் மனதில் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தால் பில்லைக் கையில் வைத்துக்கொள்வார். “நிறுத்தி வைத்திருக்கிறேன்” என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார். நீங்களோ அக்கவுண்ட்ஸுக்கு நினைவூட்டல் மேல் நினைவூட்டலாக அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். அந்த பில்லை அவர்கள் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பூச்சிமருந்து விற்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை. மூலத்தில் 6,200 சொற்கள், சொல்லுக்கு 2 ரூபாய், ஆக 12,400 ரூபாய். 45 நாளில் பணம் என்று எழுத்தில் ஒப்பந்தம். மார்ச் 3 அன்று ஃபைலும் பில்லும் போய்விட்டன. மார்ச் 12 அன்று ஒரு மெயில் வருகிறது: “டிசைனில் தமிழ் உடைந்து வருகிறது. இப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது.” மொழிபெயர்ப்பாளர் தன் வேர்ட் ஃபைலைத் திறந்து பார்க்கிறார். எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அது டிசைனர் பாடு என்று விட்டுவிடுகிறார்.

டிசைனர் பாடுதான், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. இண்டிசைனில் தமிழை ஒட்டினால், பத்தியை அமைக்கும் முறை ஆங்கிலத்துக்கானதாக இருக்கும்பட்சத்தில் எழுத்துகள் கோக்கப்படாது. ‘கெ’யில் இடப்பக்கம் நிற்கவேண்டிய கொம்பு ‘க’வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும். பத்தி அமைப்பில் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தேர்ந்து, யூனிகோடு தமிழ் எழுத்துரு ஒன்றை வைத்தால் தீர்ந்தது. ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் இரண்டு வரியும் அனுப்பினால் போதும். அந்தப் பதில் மார்ச் 21 அன்றுதான் போகிறது.

இந்தத் தாமதத்துக்குச் சட்டத்திலும் ஒரு விலை இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். உத்யம் பதிவு செய்த மொழிபெயர்ப்பாளரும் அதில் வருவார். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் வரவேண்டும், ஆனால் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி.

நாளை எதிலிருந்து எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம். வேலையைக் கொடுத்த நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் கொடுத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்துவிட்டால், அந்த ஆட்சேபத்தை நீங்கள் தீர்த்துவைத்த நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். சாதாரணமாக ஒரு சொல்லைப் பற்றிக் கேட்பது ஆட்சேபம் ஆகாது. “அச்சுக்கு அனுப்ப முடியாது” என்பதை அப்படி ஒதுக்கிவிட முடியுமா? நம் உதாரணத்தில் ஏப்ரல் 17 என்றிருந்த கெடு மே 5க்குத் தள்ளிப்போகிறது. வந்த அன்றே பதில் போயிருந்தால் ஏப்ரல் 26. சும்மா விட்ட 9 நாளும் மொழிபெயர்ப்பாளர் கணக்கில்தான்.

எனவே மாலையில் முதலில் மெயில், வாட்ஸ்அப் இரண்டிலும் அன்று வந்த கேள்விகளை எடுத்து அந்தந்த பில் எண்ணுக்கு எதிரே எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்ததை மெயிலிலும் ஒருமுறை பதிலாக அனுப்பிவிடுவது நல்லது. பின்னால் தேடினால் கிடைக்கும். முழுப் பதில் அன்றே முடியாவிட்டால் “நாளை 11 மணிக்குள் சொல்கிறேன்” என்றாவது போகட்டும். நீங்கள் கேட்டு அவர்கள் பதில் சொல்லாத கேள்விகளும் இந்தப் பட்டியலில் சேரும். அவற்றுக்கு நினைவூட்டல் மட்டும் போதாது. “நாளை மதியத்துக்குள் பதில் வராவிட்டால் ‘ஸ்ப்ரேயர்’ என்றே வைத்து முடித்துவிடுகிறேன்” என்று எழுதிவிட்டால் வேலை நிற்காது. பிறகு ஏன் அப்படிப் போட்டீர்கள் என்ற கேள்வியும் வராது.

அதன்பின் பில். கெடு தாண்டியதற்கெல்லாம் ஒரே நினைவூட்டலை அனுப்புவது வீண் வேலை. எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்து அந்த மேசைக்கு எழுதவேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர் எண் விடுபட்டிருந்தால் பில்லைத் திருத்தி அனுப்புவதுதான் வழி. சொல் எண்ணிக்கையில் தகராறு என்றால், மூலத்தை எண்ணினோமா தமிழை எண்ணினோமா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் நான்கைந்து சொல்லாக இருப்பது தமிழில் ஒட்டிக்கொண்டு இரண்டு சொல்லாகிவிடும் என்பதால், தமிழை எண்ணுகிற அக்கவுண்டண்டுக்கு உங்கள் பில் எப்போதும் கூடுதலாகவே தெரியும். ‘மூலச் சொற்கள் 6,200’ என்று பில்லிலேயே போட்டுவிடலாம். பணம் குறைந்து வந்தாலும் உடனே சண்டைக்குப் போகவேண்டாம். 12,400க்கு 11,160 வந்திருந்தால் அது பெரும்பாலும் 10% டிடிஎஸ். 26ஏஎஸ் படிவத்தில் அது ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

சட்டத்தை நினைவூட்டல் கடிதத்தில் எழுதுவது பற்றி என் எண்ணம் வேறு. வட்டி கேட்டு எழுதிய பிறகு அந்த கிளையன்ட் திரும்ப வேலை கொடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்கிற நிலைக்குத்தான் அது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை மட்டும் அச்சிட்டு வைத்தால் பேசாமலே வேலை நடக்கும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, அதைக் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக்கான செலவாகக் காட்டமுடியும். மார்ச் நெருங்கும்போது அக்கவுண்டண்ட்களே கூப்பிட்டு உத்யம் சான்றிதழ் கேட்பது இதனால்தான். வெளிநாட்டு கிளையன்டிடம் இதெல்லாம் செல்லாது. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியதுதான் பேசும்.

கடைசியாக, அன்று முடித்துக் கொடுத்த வேலைகளுக்கு பில் போட்டாயிற்றா என்று ஒருமுறை பார்க்கவேண்டும். வராத பணம் என்று புலம்புவதில் கேட்கவே கேட்காத பணமும் கலந்திருக்கும். மாதக் கடைசியிலிருந்து 30 நாள் என்று கணக்கிடும் ஏஜென்சிகளிடம் இதை இன்னும் கவனிக்கவேண்டும். அவர்களிடம் ஜூன் 30 தேதியிட்ட பில்லுக்கு ஜூலை 30 அன்று பணம். அதே பில்லை மறுநாள் காலை ஜூலை 1 என்று தேதி போட்டு அனுப்பினால் ஆகஸ்ட் 30.