சிங்கப்பூரில் பேசினால் சென்னைக்கு வரும் பில்

1992-இல் டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடஃபோனும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் மற்றதன் நாட்டுக்குப் போனால் அங்குள்ள கோபுரங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்கான பணத்தை அவரிடம் கேட்காமல் அவருடைய நிறுவனத்திடம் வாங்கிக்கொள்ளலாம். ஜி.எஸ்.எம். கைப்பேசிகளுக்கான முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தம் அதுதான். இன்று உலகெங்கும் உள்ள அத்தனை ரோமிங் ஒப்பந்தங்களும் அந்த ஏற்பாட்டின் மீதே நிற்கின்றன.

சென்னையில் வாங்கிய சிம்முடன் சிங்கப்பூரில் இறங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஃப்ளைட் மோடை அணைத்ததும் அவருடைய போன் சுற்றிலும் எந்தெந்த நெட்வொர்க் கேட்கிறது என்று தேடுகிறது. சிங்டெல், ஸ்டார்ஹப் என்று சில பெயர்கள் அகப்படும். அவற்றில் ஒன்றிடம் தன் சிம்மின் 15 இலக்க எண்ணைச் சொல்கிறது. இது நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கும் போன் நம்பர் இல்லை. சிம்முக்குள் எழுதப்பட்டிருக்கும் தனி எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் 404 அல்லது 405 என்றால் இந்தியா. அடுத்து வருவது எந்த நிறுவனம் என்பதைச் சொல்லும். சிங்கப்பூர் நெட்வொர்க் உடனே அந்த இந்திய நிறுவனத்தின் கணினியைக் கேட்கிறது: இவர் உங்கள் ஆள்தானா, சேவை தரலாமா? இந்தியாவிலிருந்து சரி என்ற பதிலும், அவருக்கு எந்தெந்தச் சேவைகள் உண்டு என்ற பட்டியலும் போகின்றன. அதன் பிறகுதான் திரையில் சிக்னல் கோடுகள் எழும்.

அந்தப் பயணியின் பெயரோ முகவரியோ சிங்கப்பூர் நிறுவனத்துக்குத் தெரியாது. அவர் அதன் வாடிக்கையாளர் இல்லை. அதன் வாடிக்கையாளர் இந்திய நிறுவனம்தான்.

இனி கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்கலாம். அவர் அங்கே ஒரு டாக்சி நிறுவனத்துக்கு போன் செய்தால் அந்த அழைப்பு சிங்கப்பூருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. எத்தனை நிமிடம் பேசினார் என்பதை அங்குள்ள நெட்வொர்க்தான் குறித்துக்கொள்கிறது. இணையத்தின் கதை வேறு. அவர் பார்க்கும் வீடியோ பெரும்பாலும் சிங்கப்பூரிலிருந்து நேராக வருவதில்லை. இந்திய நிறுவனத்தின் வாசல் வரை வந்து, அங்கிருந்து அவரிடம் போகிறது. சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்தாலும் சில இணையதளங்கள் அவரை இந்தியாவில் இருப்பவராகவே நினைப்பது இதனால்தான். ஆகவே டேட்டா எவ்வளவு போனது என்பதை இரு பக்கமும் தனித்தனியாக அளக்க முடிகிறது. அளவு ஒத்துப்போகாவிட்டால் தகராறு எழும்.

சிங்கப்பூர் நிறுவனம் இந்தப் பதிவுகளையெல்லாம் ‘டேப்’ எனப்படும் கோப்பில் தொகுக்கிறது. உலகெங்கும் ஒரே வடிவம் கொண்ட கோப்பு இது. சிம் எண், நேரம், அழைத்த எண், நிமிடங்கள் அல்லது டேட்டா அளவு, அதற்கான தொகை ஆகியவை அதில் இருக்கும். தொகையை ரூபாயிலும் எழுதாமல் சிங்கப்பூர் டாலரிலும் எழுதாமல், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்.டி.ஆரில் குறிப்பது நெடுநாள் வழக்கம். கோப்புகளை வாங்கிச் சரிபார்த்து அனுப்புவதற்கென்றே இடைநிலை நிறுவனங்கள் இருக்கின்றன. பிழையான பதிவு இருந்தால் இந்திய நிறுவனம் அதை மறுத்துத் திருப்பி அனுப்பலாம். மாதக் கடைசியில் இரண்டு பக்கப் பாக்கிகளையும் கழித்துப் பார்த்து, மீதியை மட்டும் கொடுப்பது உண்டு.

இந்தக் கோப்பு தாமதமாக வருவதில் ஒரு ஆபத்து இருந்தது. திருடிய சிம்மை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், கட்டணம் கூடிய எண்களுக்கு இரவு பகலாக அழைத்துக்கொண்டே இருப்பார்கள். சொந்த நிறுவனத்துக்கு விஷயம் தெரிவதற்குள் தொகை மலையாகிவிடும். அதனால் ரோமிங் பதிவுகள் நான்கு மணி நேரத்துக்குள் சொந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு ஏற்பாடு வந்தது. அதற்கு மேல் தாமதித்தால் மோசடியால் வரும் நஷ்டத்தை, பதிவை அனுப்பாத நிறுவனமே சுமக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கு இடையிலான இந்த மொத்த விலை பெரும்பாலும் ரகசியம். பயணி வாங்கும் ரோமிங் பேக்கின் விலைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. உச்சவரம்பாவது வெளிப்படையாகத் தெரியும் இடங்களில் ஒன்று ஐரோப்பிய ஒன்றியம். அங்கே 2017-இல் ஒரு ஜிபிக்கு 7.70 யூரோவாக இருந்த உச்சவரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2025-இல் 1.30 யூரோவானது. உச்சவரம்புக்குக் கீழே எவ்வளவு என்பது அங்கும் பேரம்தான்.

இந்தப் பேரத்தில்தான் ‘ஸ்டியரிங்’ பிறக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். சிங்கப்பூரில் ‘அ’ என்ற நெட்வொர்க் ஒரு ஜிபிக்கு 200 ரூபாய் கேட்கிறது. ‘ஆ’ 120 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறது. ஆனால் இந்திய நிறுவனத்தின் பயணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தன்னிடம் வர வேண்டும் என்பது நிபந்தனை. மாதம் 50,000 ஜிபி செலவாகிறது என்றால் வித்தியாசம் 40 லட்சம் ரூபாய். போன் தானாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால் பயணிகள் இரண்டு பக்கமும் சிதறிப் போவார்கள், தள்ளுபடியும் கைவிட்டுப் போகும். எனவே இந்திய நிறுவனம் அவர்களை ‘ஆ’ பக்கம் திருப்பிவிடுகிறது.

முதல் வழி சிம்முக்குள் இருக்கிறது. எந்த நாட்டில் எந்த நெட்வொர்க்குக்கு முன்னுரிமை என்ற பட்டியல் அதில் எழுதப்பட்டிருக்கும். ஒப்பந்தம் மாறினால், கண்ணுக்குத் தெரியாத குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பி நிறுவனம் அந்தப் பட்டியலையும் மாற்றிவிடும். ஆனால் செய்தி போய்ச் சேராத பழைய சிம்கள் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

இரண்டாவது வழி கடுமையானது. போன் ‘அ’-வில் பதிவு செய்யப் போகிறது. ‘அ’ வழக்கம்போல இந்தியாவைக் கேட்கிறது. இந்திய நிறுவனம் சரி என்று சொல்லாமல், ஏதோ கோளாறு என்பதுபோல ஒரு பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. போன் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்கிறது; மீண்டும் பிழை. நான்கைந்து முறை இப்படி ஆனதும் அது ‘அ’-வை விட்டு ‘ஆ’-வைத் தேடிப் போகிறது. எந்தப் பிழையை அனுப்புவது என்பதில் கவனம் தேவை. ரோமிங் அனுமதி இல்லை என்று வெளிப்படையாக மறுத்துவிட்டால் போன் ‘அ’-வைத் தடைப்பட்டியலில் எழுதிக்கொள்ளும். பிறகு ‘ஆ’ எட்டாத இடத்தில்கூட ‘அ’ பக்கம் தானாகத் திரும்பாது. நல்ல ஸ்டியரிங் ஏற்பாடு, போன் மறுபடி மறுபடி ‘அ’-வையே கேட்டால் அங்கே வேறு வழியில்லை என்று புரிந்துகொண்டு அனுமதித்துவிடும்.

விமான நிலையத்தில் எல்லோருக்கும் சிக்னல் வந்த பிறகும் ஒருவருடைய போன் மட்டும் சில நிமிடம் No Service காட்டுவதற்கு இந்த மறுப்புகளும் ஒரு காரணம். பயணி இதை அறிய வழியே இல்லை. போன் பழுது என்றுதான் நினைப்பார். அவசர எண்ணுக்கு மட்டும் இந்த மறுப்பு பொருந்தாது, அதற்கு எந்த நெட்வொர்க்கும் வழிவிடும். செலவைக் குறைக்க நிறுவனம் பேரம் பேசுவது நியாயம்தான். ஆனால் பலமான சிக்னலை விட்டுப் பலவீனமான சிக்னலில் பயணியைத் தொங்க விடுவது நியாயமில்லை. அப்படித் தோன்றினால் செட்டிங்கில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். ஆனால் வாங்கிய பேக் அந்த நெட்வொர்க்குக்கும் செல்லுமா என்று முதலில் விசாரிப்பது அவசியம். சில பேக்குகள் குறிப்பிட்ட நெட்வொர்க்குகளில் மட்டுமே செல்லும்.

ஆட்களை இழக்கும் ‘அ’-வும் சும்மா இருப்பதில்லை. வந்த போனை விடாமல் பிடித்து வைக்கும் எதிர்த் தந்திரங்கள் உண்டு. தொலைபேசி நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. அவற்றை ஏற்பதில்லை. 5ஜி தரநிலை இதற்கு ஒரு தொழில்நுட்பப் பூட்டு போட்டிருக்கிறது. முன்னுரிமைப் பட்டியலைச் சொந்த நிறுவனம் ரகசியக் குறியீட்டால் முத்திரையிட்டு, வெளிநாட்டு நெட்வொர்க் வழியாகவே போனுக்கு அனுப்பலாம். வழியில் யாராவது அதைத் திருத்தினால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். பட்டியல் வர வேண்டிய சிம்மில் அது வராமலே போனால், தான் இருக்கும் நெட்வொர்க்கைக் கடைசி இடத்துக்குத் தள்ளிவிட்டுப் போன் வேறொன்றைத் தேடத் தொடங்கும்.