பாடத்தாளைப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்கலாம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்துக்குப் பள்ளியிலோ டியூஷனிலோ கொடுக்கும் ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பாருங்கள். ஓம் விதி, அதன் சூத்திரம், மின்தடையின் அலகு, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, இரண்டு கணக்குகள் என எல்லாம் ஒரே பக்கத்தில் இடைவெளியே இல்லாமல் அடைந்திருக்கும். தாள் மிச்சமாகிறது என்பதுதான் இதில் உள்ள ஒரே லாபம். கவனம் நிலைக்காமல் தவிக்கும் பிள்ளை மூன்றாவது வரியில் பிடியை விடுகிறது. திரும்பி வரும்போது எந்த வரியில் விட்டோம் என்பது தெரிவதில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே மூன்றாவது வரியில் நிற்கிறது. வீட்டில் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர்.

கேட்டதையும் படித்ததையும் கைவசம் வைத்துக்கொண்டு வேலை செய்யும் நினைவு எல்லோருக்குமே சிறியது. ஏறத்தாழ நான்கு விஷயங்கள்தான் அதில் ஒரே நேரத்தில் நிற்கும் என்கிறார்கள் உளவியலாளர்கள். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகள் பலருக்கு அந்த நான்கும் சீக்கிரமே நழுவிவிடும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளே நினைவில் வைத்துக்கொண்டால், பிள்ளையின் மனம் பாடத்துக்கு மிஞ்சும். பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்து, படிக்கொரு கட்டம் போட்ட தாளின் வேலை அவ்வளவுதான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 6 Ω, 3 Ω மின்தடைகள் பக்க இணைப்பில் 12 V மின்கலத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. மொத்த மின்னோட்டம் எவ்வளவு? வழக்கமான தாளில் இதன் விடை இரண்டு வரிகளில் முடிந்துவிடும். பிரித்த தாளில் அது இப்படி இருக்கும்:

☐ மின்சுற்றைப் படமாக வரைந்தேன்
☐ 1/R = 1/6 + 1/3 என்று எழுதினேன்
☐ கூட்டினேன்: 1/R = ____
☐ தலைகீழாக்கினேன்: R = ____ Ω
☐ I = V/R போட்டேன்: I = ____ A
☐ 12/6, 12/3 இரண்டையும் கண்டுபிடித்துக் கூட்டினேன். மேலே வந்த I-யும் இதுவும் ஒன்றுதான்

நான்காவது கட்டத்தைத் தனியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 1/R = 1/2 என்று வந்ததும், அதையே R என்று எடுத்துக்கொண்டு 0.5-ஆல் வகுத்து 24 ஆம்பியர் என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். சரியான விடை R = 2 Ω, I = 6 A. கடைசிக் கட்டம் அந்தத் தவறைப் பிடித்துவிடும்: ஒரு கிளையில் 2 ஆம்பியர், மற்றதில் 4 ஆம்பியர், சேர்த்தால் 6. பக்க இணைப்பில் மொத்த மின்தடை இருப்பதிலேயே சிறிய மின்தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற வழக்கமான சோதனை இங்கே உதவாது. 0.5-ம் மூன்றைவிடக் குறைவுதானே. எந்த இடத்தில் பிள்ளைகள் வழுக்குகிறார்கள் என்று தெரிந்தவர்தான் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று சொல்ல முடியும். அதனால் இந்தத் தாளைப் பாட ஆசிரியரே தயாரிப்பது நல்லது. பெற்றோர் தயாரித்தால் ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிவிடலாம்.

கட்டத்துக்குப் பக்கத்தில் என்ன வினைச்சொல் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘ஓம் விதியைப் படித்தேன்’ என்று எழுதினால், கண்ணை ஓட்டிவிட்டு டிக் அடிப்பது சுலபம். பத்து நிமிடத்தில் தாள் முழுக்க டிக் விழுந்திருக்கும், மனதில் ஒன்றும் இருக்காது. ‘புத்தகத்தை மூடிவிட்டு ஓம் விதியை எழுதினேன்’ என்றால் எழுதிய வரி சாட்சியாக இருக்கும். வெளியில் காட்டக்கூடிய செயல் இல்லாத கட்டத்தை நீக்கிவிடுங்கள்.

சுருக்கும்போது வேறோர் ஆபத்தும் உண்டு. ஓம் விதியில் ‘மாறா வெப்பநிலையில்’ என்ற நிபந்தனை இருக்கிறது. வரியைக் குட்டையாக்கும் அவசரத்தில் முதலில் காணாமல் போவது இது போன்ற சொல்தான். தேர்வில் அதற்குத்தான் மதிப்பெண் குறையும். தயாரித்த தாளை மூலத்தோடு ஒப்பிட்டு நிபந்தனைகள், அலகுகள், ‘மட்டும்’, ‘தவிர’ போன்ற சொற்கள் விடுபடவில்லை என்று பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் முப்பது கட்டங்கள் போட்டால் அதுவும் பழைய தாள்தான். ஐந்தாறு கட்டங்களோடு மடித்து, மீதியை மறைத்துக் கொடுத்தால் போதும்.

இப்படிப் பிரித்த தாளைப் பள்ளியிடம் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் ஒரு கடமையை வைக்கிறது. அதன் 16-வது பிரிவின்படி, மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகள் செய்துதர வேண்டும். கற்றல் குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிந்து கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும். சட்டத்தின் அட்டவணையில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் பெயரோடு இருக்கின்றன. ஏடிஎச்டி பெயரோடு இல்லை. ‘அது பட்டியலில் இல்லையே’ என்று பள்ளி சொல்வது இந்த இடத்தில்தான். கவனக்குறைபாடும் கற்றல் குறைபாடும் சேர்ந்தே வருவது சகஜம் என்பதால் இரண்டுக்கும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. ‘40 சதவீதச் சான்றிதழ் எங்கே?’ என்பது இன்னொரு பதில். நியாயமான வசதி பெற அந்த வரம்பு தேவையில்லை என்று, தேர்வில் எழுத உதவியாளர் கேட்டுப் போடப்பட்ட விகாஸ் குமார் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

அச்சிட்ட புத்தகத்தை இப்படி மாற்றி எழுதினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. குறைபாடு உள்ளவர் படிக்கக்கூடிய வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றிக் கல்விக்காக அவருக்குக் கொடுப்பதற்கு, 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. விற்று லாபம் பார்க்க அந்த விலக்கு உதவாது.

பள்ளியை அணுகும் முன் பிள்ளையின் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கட்டம் போட்டுப் பயனில்லை. மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்ட மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் 18 வயது வரை கற்றல், கவனக் குறைபாடுகளைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். பிறகு தலைமையாசிரியருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்பம் வாங்குங்கள். ‘என் பிள்ளைக்கு உதவுங்கள்’ என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகவே வரும். ‘அறிவியல், கணிதப் பயிற்சித்தாள்களை ஐந்தாறு படிகளாகப் பிரித்து, படிக்கொரு கட்டத்துடன் தர வேண்டும்’ என்று எழுதுங்கள். அரசுப் பள்ளியானால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரின் உதவியைக் கேட்கலாம். பதில் வராவிட்டால் கடித நகலோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

பிரித்த தாளை ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாக நீட்டினால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். விரும்புகிற எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மேசையில் வைத்துவிடுவது மேல். கெட்டிக்காரப் பிள்ளைகளும் எடுப்பார்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமென்றால் அதற்குச் சான்றிதழும் தனி விண்ணப்பமும் தேவை. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். கூடுதல் நேரம் கிடைத்தாலும் வினாத்தாள் எல்லோருக்கும் வருவது போலத்தான் வரும், கட்டங்கள் இருக்காது. அதனால் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அச்சிட்ட கட்டங்களைக் குறைத்துக்கொண்டே வந்து, பிரிக்காத வினாவைக் கொடுங்கள். விடை எழுதும் முன் ஓரத்தில் பென்சிலால் தன் படிகளைப் பிள்ளையே குறித்துக்கொள்ளட்டும். மேலே உள்ள கணக்குக்கு ‘படம், 1/R, தலைகீழ், I, சரிபார்’ என்று ஐந்து சொற்கள் போதும்.