ஐந்து லட்சம் என்றால் எதற்கு ஐந்து லட்சம்?

ஒரு கம்பெனி தன் கிளை மேலாளருக்குத் தரும் அதிகாரப் பத்திரத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "காசோலை ஒன்றுக்கு ரூ.5 லட்சம் வரை தனியாகவும், அதற்கு மேல் ரூ.25 லட்சம் வரை கணக்கு அலுவலருடன் சேர்ந்தும் கையெழுத்திடலாம். கிளைப் பொறுப்பில் இருக்கும்வரை, அதிகபட்சம் 31.3.2026 வரை செல்லும்."

இதைக் கையொப்பப் பதிவேட்டில் ஏற்றும்போது பலர் "5 லட்சம், 31.3.2026" என்று எழுதி மூடிவிடுகிறார்கள். போனது என்ன? 'காசோலை ஒன்றுக்கு' போனது. அதனால் நாளுக்கா, மாதத்துக்கா என்று பின்னால் குழப்பம். ஒரே பில்லை மூன்று காசோலையாகப் பிரித்தால் மடக்கவும் வழியில்லை. பத்திரமே அதைத் தடுக்கவில்லை என்பதையும் குறிப்பில் எழுத வேண்டும். கூட்டுக் கையெழுத்துக்குத் தனி வரி தேவை.

காலாவதிக்கும் இரண்டு கட்டம் வேண்டும்: தேதி ஒன்று, நிபந்தனை ஒன்று. மேலாளர் டிசம்பரிலேயே மாற்றலானால் அன்றே அதிகாரம் போய்விடும். தேதியை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

பத்திரத்தின் கடைசியில் வரும் "இதற்குத் தேவையான மற்ற எல்லாச் செயல்களும்" என்ற வரியை நம்பி 'கடன் வாங்கலாம்' என்று ஏற்றிவிடாதீர்கள். மேலே சொன்ன வேலைகளுக்குத் துணையானவை மட்டுமே அதில் அடங்கும்.