மேலே அனுப்பும் முன் ஆறு வரி

இரவு 7 மணிக்கு மேல் பிராட்பேண்ட் அறுந்துபோகிறது என்று ஒரு புகார். இருபது பதில்கள் குவிந்தபின் அது மூத்த பொறியாளரிடம் போகிறது. அவர் படிக்கப்போவது ஆறு வரிச் சுருக்கத்தைத்தான்.

"ரூட்டரை ரீசெட் செய்யச் சொன்னோம்" என்பது போதாது. வாடிக்கையாளர் செய்தாரா, பிறகு என்ன ஆனது? இங்கே செய்தும் அறுந்தது. லைன் சோதனை சரியென்று வந்தது. ஆனால் சோதித்தது காலை 11 மணிக்கு! நேரத்தை எழுதாவிட்டால் லைனில் கோளாறில்லை என்று பொறியாளர் ஒதுக்கிவிடுவார்.

"நாளை ஆள் வருவார்" என்ற வாக்கைத் தேதியாக மாற்ற வேண்டும்: மார்ச் 5 வரவேண்டியவர், வரவில்லை. கட்டணக் கழிவும் நிலுவையில். நடுவில் 'தீர்ந்தது' என்ற குறிப்பை நம்பவேண்டாம். பதில் வராததால் டிக்கெட் தானாக மூடிக்கொண்டது, அவ்வளவே. இரவுச் சோதனை இன்னும் பாக்கி.