வாத்தியாருக்கு ஒரு பதில் கடிதம்

பள்ளிக்கூடத்தை விட்டு வெகுகாலம் கழித்துப் பழைய வாத்தியாரிடமிருந்து கடிதம் வருகிறது. பதில் எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. உத்தியோகம், வீடு, பிள்ளைகளின் படிப்பு என்று அடுக்கினால் பயோடேட்டா போல ஆகிவிடும். ‘அறிவுக்கண் திறந்த ஆசானே’ என்று ஆரம்பித்தாலோ பிரிவு உபசார விழாவில் வாசிக்கும் வாழ்த்து மடல்தான்.

இரண்டிலும் சிக்காமல் எழுதியவர் அல்பெர் காம்யு. 1957 அக்டோபரில் அவருக்கு இலக்கிய நோபல் அறிவிக்கப்பட்டது. அமளி கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்து, நவம்பர் 19ஆம் தேதி தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு எழுதினார்.

அல்ஜியர்ஸ் நகரின் ஏழைப் பேட்டையில் வளர்ந்தவர் காம்யு. அப்பா முதல் உலகப்போரில் இறந்துவிட்டார். எழுதப்படிக்கத் தெரியாத அம்மா, காது சரியாகக் கேட்காத நிலையில், வீட்டுவேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினார். பையனைச் சீக்கிரம் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. ஜெர்மேன் பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். காசு வாங்காமல் தனிப்பாடம் நடத்தி, உயர்நிலைப் பள்ளி உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தார். 1924இல் பையன் தேறினான்.

அந்தக் கடிதம் மிகச் சிறியது. பரிசுச் செய்தி கேட்டதும் முதலில் அம்மாவை நினைத்தேன், அடுத்து உங்களை என்கிறார் காம்யு. இப்படிப்பட்ட கௌரவத்தைத் தான் பெரிதாக நினைப்பதில்லை, உங்களிடம் நன்றி சொல்ல இது ஒரு சாக்கு என்கிறார். உலகமே பேசிய பரிசு, தன்னைப் பற்றிய ஒரே செய்தி, அதுவும் நன்றிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. புகழ்மொழிகளை அடுக்கவும் இல்லை. ஏழைப் பையனுக்கு நீண்ட ஒரு கையைத்தான் சொல்கிறார். நமக்கும் அப்படி ஒன்று கிடைக்கும். பரீட்சைக் கட்டணத்தை யார் கட்டினார், மாலையில் யார் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று யோசித்தால் போதும். சொந்தச் சேதியை அதற்குப் பிறகு, அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக எழுதலாம்.

எதிர்முனையில் இருப்பவர் எதை நினைத்துக்கொண்டிருப்பார்? 1959 ஏப்ரல் 30ஆம் தேதியிட்ட ஜெர்மேனின் கடிதத்தைப் பார்த்தால் தெரியும். நாற்பதைத் தாண்டிய நோபல்காரரைச் சின்னப் பிள்ளையாகவே விளிக்கிறார். வகுப்பில் பையனின் முகம் எப்போதும் சந்தோஷமாக இருந்ததால் வீட்டு வறுமை தனக்குத் தெரியவே இல்லை. உதவித்தொகை விஷயமாக அம்மா வந்தபோதுதான் புரிந்தது என்கிறார். பிறகு, மதச்சார்பற்ற பள்ளிகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறார். கிழவருக்கு அப்போதும் பள்ளிக்கூட நினைப்புதான். ஆகவே நம் பதிலில் அதற்கும் நாலு வரி ஒதுக்க வேண்டும்: பள்ளி இப்போது எப்படி இருக்கிறது, கூடப் படித்தவர்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதினால் அவர் கண்ணுக்கும் சௌகரியம்.